கடல் நிலை செயலிகள்: சிறு படகுக்காரர்களும் கரையோரப் பயணிகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

படகைக் கிளப்பும் முன் கைப்பேசியைப் பார்ப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. செயலி காட்டும் அலை எண் ஆழமான திறந்த கடலுக்கானது. நாம் தினமும் கடந்து போகவேண்டியதோ ஆழம் குறைந்த முகத்துவாரம். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதற்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஆப்புல அலை ஒரு மீட்டர்னு போட்டிருந்தது. நான் பார்த்தது அதைவிட ரொம்பப் பெருசு. ஆப் பொய் சொல்லுதா?

இல்லை. அந்த எண் மிகப் பெரிய அலையின் உயரம் அல்ல, எல்லா அலைகளின் சராசரியும் அல்ல. வரும் அலைகளை உயரப்படி வரிசைப்படுத்தி, மேலே உள்ள மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, அவற்றின் சராசரியைப் போடுகிறார்கள். பழகிய கண்ணால் கடலைப் பார்த்து ஒருவர் சொல்லும் உயரமும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும் என்பதால் இந்த வழக்கம் வந்தது.

அப்படியானால் ஒரு மீட்டர் என்று போட்டிருக்கும் நாளில், நூறு அலைக்கு ஒன்று ஒன்றரை மீட்டரைத் தொடும். இரண்டு மூன்று மணி நேரம் கடலில் இருந்தால் ஏறக்குறைய ஆயிரம் அலைகள் படகுக்கு அடியில் போகும். அவற்றில் ஒன்று 1.8 மீட்டரைத் தாண்டுவது இயல்பானதுதான், அபூர்வம் என்று சொல்ல முடியாது. அதனால் செயலியில் எந்த எண்ணைப் பார்த்தாலும் அதை மனதுக்குள் இரண்டால் பெருக்கி, அந்த உயரத்தில் ஒரு அலை வந்தால் என் படகு தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

Waves, Swell, Wind waves, Period என்று நாலு வரி வருது. எதைப் பார்க்கணும்?

எல்லாவற்றையும் பாருங்கள், ஆனால் Period வரியில் கொஞ்சம் நின்று பாருங்கள். Wind waves என்பது இப்போது இங்கே அடிக்கும் காற்று எழுப்பும் அலை. Swell என்பது தூரத்தில் எங்கோ அடித்த புயல் எழுப்பி, அந்தக் காற்றை விட்டு விலகி ஓடி வரும் அலை. இங்கே அதைத் தூர அலை என்று சொல்கிறேன். Waves என்பது இரண்டும் சேர்ந்த மொத்தம். சேரும்போது எண்களை நேராகக் கூட்டக்கூடாது. ஒரு மீட்டர் காற்றலையும் ஒரு மீட்டர் தூர அலையும் சேர்ந்தால் சுமார் 1.4 மீட்டர்தான் வரும்.

Period என்பது ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே ஓடும் நொடிகள். நிறையப் பேர் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். ஆழ்கடலில் 6 நொடி அலையின் முகடுகளுக்கு நடுவே 56 மீட்டர் தூரம் இருக்கும். 14 நொடி அலைக்கு அது 300 மீட்டரைத் தாண்டிவிடும். உயரம் இரண்டுக்கும் ஒன்றேயானாலும், பின்னது சுமந்து வரும் ஆற்றல் மிக அதிகம். ஆழ்கடலில் அது படகை மெதுவாகத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும், பயமே தோன்றாது. கரையை நெருங்கும்போதுதான் நிலைமை மாறுகிறது.

காத்தே இல்ல, கடல் எண்ணெய் ஊத்தின மாதிரி இருக்கு. ஆனா முகத்துவாரத்துல மட்டும் ஆள் உயரத்துக்கு அலை உடையுது. இது எப்படி?

தூர அலை வந்திருக்கிறது என்று அர்த்தம். 14 நொடி அலைக்கூட்டம் மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். 3000 கிலோமீட்டர் தள்ளி அடித்த புயலின் அலை மூன்று நாள் கழித்து உங்கள் வாசலுக்கு வரும். உங்கள் ஊரில் வானம் தெளிவாக இருக்கும், இலைகூட அசையாது.

ஓர் அலை தன் நீளத்தில் பாதி அளவு ஆழத்துக்கு வந்ததும் அடித்தரையை உணர ஆரம்பிக்கிறது. 6 நொடி அலைக்கு அது 28 மீட்டர், 14 நொடி அலைக்கு 150 மீட்டர். அடி உரசியதும் வேகம் குறைகிறது, பின்னால் வருவது நெருங்குகிறது, நீளம் சுருங்குகிறது, உயரம் எழுகிறது. மூன்று மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 6 நொடி அலை கிட்டத்தட்ட அதே உயரத்தில்தான் இருக்கும். 14 நொடி அலையோ நாற்பது சதவீதம் வளர்ந்திருக்கும்.

எப்போது உடையும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. நின்றிருக்கும் நீரின் ஆழம், அந்த இடத்தில் அலைக்கு இருக்கும் உயரத்தைப்போல் 1.3 மடங்குக்குக் குறைந்தால் அலை உடையும். மணல் திட்டின் சரிவு, எதிர் நீரோட்டம் எல்லாம் இதைக் கொஞ்சம் மாற்றும், ஆனாலும் முடிவெடுக்க இது போதும்.

நாளைக்கு அலை 1.2 மீட்டர், காத்து 6 நாட் வேகம்தான். காலையில 6:40க்கு வத்தம். விடியும்போதே கிளம்பலாமா?

Period என்ன என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். இப்படிக் கேட்டவர் காட்டிய திரையில் 14 s என்று இருந்தது. நீர் மிகத் தாழ்ந்து நிற்கும் வற்றம் 6:40க்கு 0.3 மீட்டர், மிக உயர்ந்து நிற்கும் ஏற்றம் 12:50க்கு 1.5 மீட்டர். அவர் கடக்கவேண்டிய மணல் திட்டின் மேல் கடல் வரைபடம் காட்டும் ஆழம் 2.2 மீட்டர். அதோடு ஓத உயரத்தை, அதாவது வற்றத்தின் 0.3 மீட்டரை, கூட்டினால் 6:40க்கு அங்கே நிற்கும் நீர் 2.5 மீட்டர்.

1.2 மீட்டர் அலை, 14 நொடி என்றால், திட்டை நெருங்கும்போது 1.8 மீட்டராக எழுந்து சுமார் 2.3 மீட்டர் ஆழத்தில் உடையும். சரி, 2.5 இருக்கிறதே என்று தோன்றும். முதல் கேள்வியில் சொன்ன நூற்றில் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஆழ்கடலில் 1.8 மீட்டராக வரும் அந்த அலை, 3.2 மீட்டர் ஆழத்திலேயே உடைந்துவிடும். 14 நொடிக்கு ஒன்று என்றால் நூறு அலை கடக்க 23 நிமிடம். ஆக, அரை மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது திட்டு முழுவதும் நுரையாக உடையும். நடுவில் உள்ள அமைதியைப் பார்த்துப் படகை விட்டவர் அந்த ஒன்றில் மாட்டிக்கொள்வார். இதோடு வெளியே பாயும் நீரோட்டமும் சேர்ந்தால் அலை இன்னும் செங்குத்தாகும். விடியலில் கிளம்பக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நேரம் தள்ளிப் போனால்? வற்றத்திலிருந்து ஏற்றம் வரை ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், நீர் ஒரே சீராக ஏறாது. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் 1 பங்கு, பிறகு 2, 3, 3, 2, கடைசி மணியில் 1. இங்கே மொத்தம் 1.2 மீட்டர், ஒரு பங்கு 10 செண்டிமீட்டர். 10:45 வாக்கில் ஒன்பது பங்கு ஏறி, திட்டில் 3.4 மீட்டர் நிற்கும். அப்போது உள்ளே வரும் நீரோட்டம் அலையோடு ஒரே திசையில் போவதால் அலையின் செங்குத்தும் தணியும். 10:45 முதல் 12:50 வரைதான் வாசல் திறந்திருக்கிறது. அப்போதும் மணிக்கணக்கில் ஒரு தடவை வரும் மிகப் பெரிய அலை உடையத்தான் செய்யும். திரும்பி வருவதும் அதே இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கவேண்டும், இல்லையென்றால் இருட்டில் அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்கவேண்டும். சிறு படகுக்கு அது வேலைநாள் ஆகாது. அவர் அன்று போகவில்லை.

இதே 1.2 மீட்டர் 6 நொடியாக இருந்திருந்தால், நூற்றில் ஒன்றும் 2.4 மீட்டர் ஆழத்தில்தான் உடையும். வெளியே படகு அதிகம் குலுங்கும், நனைவீர்கள், ஆனால் வாசலைக் கடப்பது எளிது. எதிர் நீரோட்டம் மட்டும் கவலை, அதை அடுத்த கேள்வியில் பார்க்கலாம். உயரம் இரண்டுக்கும் ஒன்றே என்பதை மறக்காதீர்கள்.

6:40க்கு வத்தம்னா, 6:40க்கு நீரோட்டமும் நின்னுடுமா?

நிற்காது, முகத்துவாரத்தில் பெரும்பாலும் நிற்காது. செயலி சொல்லும் நேரம் நீரின் உயரம் மிகக் குறைவாக இருக்கும் நேரம். ஆற்றிலோ காயலிலோ உள்ளே தேங்கியிருக்கும் நீர் வடிந்து தீரவேண்டும். உள்ளே பரப்பு பெரியதாகவும் வாய் சிறியதாகவும் இருந்தால், வற்ற நேரம் முடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேலும் வெளியோட்டம் இருக்கும். மேலே மழை பெய்திருந்தால் இன்னும் நீளும், வேகமும் கூடும். இந்தத் தாமதம் உங்கள் வாசலுக்கு எவ்வளவு என்பதை எந்தச் செயலியும் சொல்லாது. ஒரு மரக்கட்டையைப் போட்டு, அது எப்போது திரும்புகிறது என்று பல நாட்கள் எழுதி வையுங்கள்.

வெளியோட்டமும் உள்வரும் அலையும் மோதுவதுதான் மோசமான நேரம். அலையின் வேகத்தில் கால் பங்கு வேகத்தில் எதிர் நீரோட்டம் வந்தால் அலை முன்னேற முடியாமல் அங்கேயே குவிந்து உடைகிறது. 5 நொடி காற்றலைக்கு அந்த எல்லை 4 நாட் வேகத்துக்குச் சற்றுக் கீழே. அதில் பாதி வேகமே அலையைக் குத்திட்டு நிற்கவைக்கப் போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓரிரு நாள் கழித்து ஏற்றமும் வற்றமும் அதிகம் இருக்கும் என்பதால் அந்த நாட்களில் இது கூடும்.

வத்தம் மைனஸ் 0.4னு காட்டுது. இன்னொரு ஆப்ல அதே நேரத்துக்கு 0.3. கடல் காணாமப் போச்சா?

இரண்டும் சரியாக இருக்கலாம். எந்த மட்டத்திலிருந்து அளக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். சில செயலிகள் சராசரிக் கடல் மட்டத்தைப் பூஜ்யமாக வைக்கின்றன, அதனால் வற்றம் மைனஸில் வரும். கடல் வரைபடங்கள் மிகத் தாழ்ந்த வற்றத்தை ஒட்டிய மட்டத்தைப் பூஜ்யமாக வைக்கின்றன. நான் மேலே செய்ததைப்போல வரைபட ஆழத்தோடு ஓத உயரத்தைக் கூட்டும்போது இரண்டும் ஒரே பூஜ்யத்திலிருந்து எண்ணியவையாக இருக்கவேண்டும். அமைப்புப் பக்கத்தில் சராசரிக் கடல் மட்டம் என்றால் MSL என்றும், மிகத் தாழ்ந்த வற்ற மட்டம் என்றால் LAT அல்லது Chart datum என்றும் எங்காவது எழுதியிருக்கும்.

இன்னொன்று: ஓத எண் நிலா, சூரியன் ஈர்ப்பை வைத்துப் போட்ட கணக்கு. காற்றும் காற்றழுத்தமும் அதில் இல்லை. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் கடல் ஏறக்குறைய ஒரு செண்டிமீட்டர் உயரும். கரையை நோக்கி நாட்கணக்கில் அடிக்கும் காற்று அதைவிட அதிகமாக நீரைக் குவிக்கும். கரையிலிருந்து வெளியே அடிக்கும் காற்று நீரை இறக்கும். அப்போது கணக்கில் 2.5 மீட்டர் என்று வந்த இடத்தில் 2.2தான் இருக்கலாம்.

காத்து 10னு போட்டிருந்தது, போனேன். படகைப் பிடிக்கவே முடியல.

எந்த அலகில் பத்து? 10 kt, அதாவது 10 நாட் என்றால் சமாளிக்கலாம். 10 m/s என்றால் அது 19 நாட், கடல் முழுக்க வெள்ளை நுரை தெரியும். 10 km/h என்றால் இளங்காற்று. செயலியைப் புதுப்பித்தாலோ கைப்பேசியை மாற்றினாலோ அலகு மாறிவிடுவது உண்டு. எனக்கும் ஒரு தடவை நேர்ந்தது, புதிய கைப்பேசியில் m/s இருந்ததைக் கவனிக்காமல் கிளம்பி, அரை மணியில் திரும்பவேண்டியிருந்தது. முதல் வேலையாக kt என்று வைத்துவிடுங்கள்.

அலகு சரியென்றால் Gusts வரியைப் பாருங்கள். பெரிய எண் சராசரிக் காற்று, Gusts என்பது இடையிடையே வரும் வீச்சு. காற்று படகின் மேல் தரும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 10 நாட் சராசரிக்கு 14 நாட் வீச்சு என்றால் எண் சிறிதாகத் தெரியும், ஆனால் தள்ளும் விசை இரு மடங்கு. இரண்டுக்கும் இடையே வித்தியாசம் அதிகமாக இருந்தால் வானம் நிலையாக இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

காத்து அம்பு ஒரு பக்கம், நீரோட்ட அம்பு எதிர்ப்பக்கம் காட்டுது. எதை எப்படிப் படிக்கிறது?

காற்றுக்கும் அலைக்கும் எழுத்தில் சொல்லும் திசை, அது வரும் திசை. W என்றால் மேற்கிலிருந்து வருகிறது. நீரோட்டத்துக்குச் சொல்லும் திசை, அது போகும் திசை. ஆகவே காற்று W, நீரோட்டமும் W என்று படித்தால் அவை இரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன. அதுதான் மேலே சொன்ன குத்திட்ட அலை. வரைபடத்தில் வரும் அம்புகள் பொதுவாக நகரும் பக்கத்தையே காட்டும், ஆனால் எல்லாச் செயலியும் அப்படி இல்லை. காற்று தெளிவாகத் தெரியும் ஒரு நாளில் கரையில் நின்று ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஒரு ஆப் 8 நாட், இன்னொண்ணு 15 நாட். எதை நம்புறது?

செயலியைப் பார்க்காதீர்கள், அதன் உள்ளே எந்தக் கணிப்பு மாதிரி ஓடுகிறது என்று பாருங்கள். திரையில் GFS, ECMWF, ICON போன்ற பெயர்கள் இருக்கும். ஒரே GFS எண்ணை வேறு வேறு நிறத்தில் காட்டும் இரண்டு செயலிகள் ஒத்துப்போவதில் எந்த உறுதியும் கிடையாது. வெவ்வேறு மாதிரிகள் ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும். முரண்பட்டால் மோசமானதை வைத்துத் திட்டமிடுங்கள், மாதிரியின் அடுத்த கணிப்பு ஓட்டம் வந்ததும் மறுபடி பாருங்கள். GFS ஒரு நாளில் நான்கு முறை, உலகப் பொது நேரமான UTC படி 00, 06, 12, 18 மணிக்கு ஓடுகிறது. ஓடி முடித்துக் கைக்கு வர மணிக்கணக்காகும்.

உலகளாவிய மாதிரிகள் கடலை ஏறக்குறைய 10 கிலோமீட்டர் கட்டங்களாகத்தான் பார்க்கின்றன. உங்கள் முகத்துவாரம் அந்தக் கட்டத்துக்குள் ஒரு புள்ளிகூட இல்லை. இடியோடு திடீரென்று வீசும் காற்றும் பெரும்பாலும் அந்தக் கட்டத்தின் பிடிக்குள் வராது. பகலில் எழும் கடற்காற்றின் அளவும் கரையோரத்தில் தப்பலாம். அதனால்தான் 8 நாட் என்று போட்ட பிற்பகலில் கரும்மேகம் ஒன்று 30 நாட் காற்றைக் கொண்டு வந்து இறக்கிவிடுகிறது. அரசு வானிலைத் துறை விடுக்கும் எச்சரிக்கைக்கும் செயலிக்கும் முரண் வந்தால் எச்சரிக்கையின் பக்கம் நில்லுங்கள், அதை மனிதர்கள் பல மாதிரிகளையும் நேரடி அளவுகளையும் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

எத்தனை நாள் முன்னாடி சொல்றதை நம்பலாம்?

ஓத நேரம் மாதக்கணக்கில் நம்பலாம், மேலே சொன்ன காற்றழுத்தத் திருத்தத்தோடு. காற்று இரண்டு மூன்று நாள் வரை திட்டமிட உதவும், அதற்கு மேல் ஒரு போக்கு மட்டுமே. தூர அலை இதில் வேறு ரகம். அது ஏற்கெனவே பிறந்து பயணத்தில் இருப்பதால், வந்து சேரும் நாளைப் பல நாட்கள் முன்பே ஓரளவு நன்றாகச் சொல்ல முடியும். ஒரு குறி: வரும் நாட்களில் உயரம் சிறிதாகவே இருக்க, Period மட்டும் 8லிருந்து திடீரென்று 16க்குத் தாவினால், அது முதல் வரவு. நீளமான அலைகள் வேகமாக ஓடுவதால் முன்னே வருகின்றன, உயரம் பின்னால் வரும்.

நான் படகுக்காரன் இல்ல. பாறை மேல உக்காந்து பார்க்கிறவன், கரையோரம் நடக்கிறவன். எனக்கு எது முக்கியம்?

இரண்டு. முதலாவது, அதே Period. 14 நொடி நாட்களில் அலைகள் கூட்டம் கூட்டமாக வரும், நடுவே பத்துப் பதினைந்து நிமிடம்கூட அமைதியாக இருக்கலாம். பாறை மேலே ஏறும் முன் இருபது நிமிடமாவது தூரத்தில் நின்று பாருங்கள். பாறை ஈரமாக இருந்தால் அலை அங்கே வந்திருக்கிறது, இன்னும் வரும்.

இரண்டாவது, ஓதம் திரும்பும் நேரம். வற்றத்தில் மட்டும் நடந்து போகக்கூடிய மணல் பாதை, குகை, தீவு என்றால் பன்னிரண்டு பங்குக் கணக்கு உங்களுக்கும்தான். வற்றத்துக்குப் பிறகு முதல் மணியில் நீர் அசைவே தெரியாது. மூன்றாம், நான்காம் மணியில் மொத்தத்தில் பாதி ஏறிவிடும். போவதை வற்றத்துக்கு முன்பே தொடங்கி, வற்ற நேரத்தில் திரும்ப ஆரம்பியுங்கள்.

கடல்ல சிக்னல் இல்ல. திரையில இருக்கிறது இன்னைக்குதானான்னு எப்படித் தெரியும்?

கரையிலேயே ஏற்றி, நாள் முழுவதற்குமான ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள். சிக்னல் போனபிறகு செயலி பழைய தகவலைக் காட்டிக்கொண்டே இருக்கலாம், அது பழையது என்று சொல்லாமலும் இருக்கலாம். Updated என்ற நேரத்தைப் பாருங்கள். அந்த நேரம் உள்ளூர் நேரமா UTCயா என்றும் பாருங்கள், ஓத நேரத்தில் இந்தக் குழப்பம் வந்தால் ஏற்றமும் வற்றமும் தலைகீழாகிவிடும்.

எல்லா எண்ணும் நல்லா இருக்கு. ஆனா வாசல்ல நின்னு பார்த்தா மனசு ஒப்பல. எண்ணை நம்பவா, கண்ணை நம்பவா?

கண்ணை. புயலுக்குப் பிறகு மணல் திட்டு நகர்ந்திருக்கும், வரைபடத்தில் 2.2 என்று இருக்கும் இடம் 1.5 ஆகியிருக்கலாம். செயலிக்கு அது தெரியவே தெரியாது. உயரமான இடத்தில் நின்று, முன்பு சொன்ன அந்த இருபது நிமிடம் பாருங்கள். உடையும் அலைகளை எண்ணுங்கள், எந்தப் பக்கம் உடையாமல் வழி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கூட்டத்திலும் எத்தனை அலை, நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரே ஒரு தடவை திட்டின் முழு அகலமும் வெள்ளையாக உடைந்தாலும் அந்த ஏற்றத்தை விட்டுவிடுங்கள்.

கண் நல்லது என்று சொல்லி, செயலி மோசம் என்று சொன்னால்? அப்போது செயலியின் பக்கம் நில்லுங்கள். தூர அலை இன்னும் வந்து சேராமல் இருக்கலாம், காலையில் அமைதியாக விட்ட வாசல் நீங்கள் திரும்பும் நேரத்தில் அப்படி இருக்காது. வெளியே இருக்கும்போதே வாசல் உடைய ஆரம்பித்துவிட்டால், உள்ளே வர அவசரப்படாமல் ஆழமான நீரிலேயே ஏற்றம் வரும்வரை நில்லுங்கள். அதற்கான எரிபொருளும் குடிநீரும் கிளம்பும்போதே படகில் இருக்கவேண்டும்.